சோலார் நோட்டீஸ்ல பேனல் எந்தப் பக்கம் பாக்கணும், சூரியன் எங்க நிக்கணும்?

"அண்ணா, கோயமுத்தூர்ல புதுசா சோலார் ஃபிட்டிங் தொழில் ஆரம்பிச்சிருக்கேன். நோட்டீஸ் அடிக்க டிசைனர்கிட்ட சொன்னா, ஓட்டு வீட்டு மேல பேனல் நல்லா சரிவா நிக்குது, பின்னாடி பெரிய சூரியன், ஆரஞ்சு வானம்னு ஒரு படம் போட்டுக் குடுத்திருக்கார். பாக்க சூப்பரா இருக்கு, ஆனா எங்க மாமா 'இது தப்புடா, நம்மூர்ல 11 டிகிரிதான்'னு சொல்றார். நோட்டீஸுக்கு இவ்ளோ பாக்கணுமா? சரியான படம்னா பேனல் ஆங்கிள், வானம் எல்லாம் எப்படி இருக்கணும்?"

உங்க மாமா சொல்றது சரி தம்பி. பாக்கணுமான்னா, ஆமா, பாத்துத்தான் ஆகணும், ஏன்னு என் அனுபவத்துல ஒன்னு சொல்றேன். ஏழெட்டு வருஷம் முன்னாடி பொள்ளாச்சி ரோட்டுப் பக்கம் ஒரு வீடு. வீட்டுக்காரர் கையில வேற யாரோ அடிச்ச ஒரு நோட்டீஸ வெச்சுகிட்டு, "இந்தப் படத்துல இருக்குற மாதிரி நல்லா தூக்கி வைங்க, அப்பத்தான் வெயில் நேரா விழும்"னு ஒத்தக் கால்ல நின்னார். நானும் அப்ப ஆர்டர் போயிடக்கூடாதுன்னு 30 டிகிரில ரெண்டு வரிசை போட்டுக் குடுத்துட்டேன், நடுவுல ரெண்டடி கேப். ஏப்ரல்ல போட்டது, ஒரு பிரச்சனையும் தெரியல. டிசம்பர் வந்ததும் போன் மேல போன், "பின் வரிசை வேலையே செய்யல"ன்னு. போய்ப் பாத்தா முன் வரிசையோட நிழல் பின் வரிசை பேனலோட கீழ் விளிம்புல காலையில இருந்து விழுந்துட்டு இருக்கு, மத்தியானத்துலகூட லேசா தொட்டுகிட்டு நிக்குது.

விளிம்புலதான விழுது, அதுக்கு என்ன பெருசான்னு தோணும். அப்ப வந்த 72 செல் பேனல்ல செல் எல்லாம் மூணு குரூப்பா நீளவாக்குல மேல போய் கீழ திரும்பற மாதிரி ஓடும், நிக்க வெச்ச பேனல்ல கீழ் வரிசை செல்ல நிழல் மூடினா மூணு குரூப்புமே ஒரே நேரத்துல அடிவாங்கும், முழு பேனலும் படுத்துடும். இப்ப வர்ற ஹாஃப் கட் பேனல்ல மேல் பாதி, கீழ் பாதின்னு தனித்தனியா இருக்கறதால பாதியாவது தப்பிக்கும். எப்படியோ, அந்த வீட்டுல ஸ்ட்ரக்சர கழட்டி திரும்ப 11 டிகிரிக்கு எறக்கினது என் சொந்தக் காசு. அதுக்கப்புறம்தான் நோட்டீஸ் படத்த நான் சும்மா அலங்காரமா பாக்கறதில்ல, கஸ்டமர் அதத்தான் பிளான்னு நெனைக்கறாங்க.

சரி, 11 எங்க இருந்து வருது? கோயமுத்தூர் நிலநடுக்கோட்டுல இருந்து வடக்க 11 டிகிரி அட்சரேகைல இருக்கு. வருஷம் முழுக்க ஒரே ஆங்கிள்ல அசையாம நிக்கப் போற பேனல்னா அந்த ஊர் அட்சரேகை எவ்ளோவோ கிட்டத்தட்ட அவ்ளோ சாய்ச்சு தெற்க பாத்து வைக்கறதுதான் பழைய கணக்கு. உங்க டிசைனர் எடுத்துப் போட்ட படம் அனேகமா ஜெர்மனி பக்கத்துப் படம், அந்த ஊர் எல்லாம் 48, 50 டிகிரில இருக்கு, பனி வழிஞ்சு விழ அவங்க கூரையே 35, 40 டிகிரி சரிவு, பேனல் அந்தக் கூரை மேல அப்படியே படுத்திருக்கும். அவங்க ஊருக்கு அது ரொம்பச் சரி. டெல்லியே 28 டிகிரிக்கு மேலதான், அங்க எடுத்த படத்துலயும் பேனல் நம்மளோடத விட நிமிந்துதான் நிக்கும். ஆஸ்திரேலியா படமா இருந்தா இன்னும் மோசம், அங்க பேனல் வடக்க பாத்து இருக்கும், நிழலெல்லாம் தலைகீழா விழும்.

30 டிகிரி வெச்சா என்ன ஆகும்னு உச்சி வேளைக் கணக்கு ஒன்னு போட்டுப் பாருங்க. டிசம்பர் 21 அன்னைக்கு நம்ம ஊர்ல உச்சில சூரியன் தெற்க 55 டிகிரி உயரத்துலதான் நிக்கும், அன்னைக்கு 30 டிகிரி பேனல் கிட்டத்தட்ட முழு வெயிலையும் நேரா வாங்கும், 11 டிகிரி பேனல் நூத்துக்கு 92 வாங்கும். அப்ப 30தான நல்லதுன்னு தோணுதா, ஜூன் 21க்கு வாங்க. அன்னைக்கு சூரியன் நம்ம தலைக்கு மேல தாண்டி வடக்க போயிடும், ஆமா வடக்கதான், உச்சில இருந்து வடக்க 12 டிகிரி தள்ளி. அப்ப தெற்க பாத்து 30 டிகிரி நிமிந்து நிக்கற பேனல் நூத்துக்கு 74 தான் வாங்கும், 11 டிகிரி பேனல் அதே 92. தரையோட தரையா படுக்கப் போட்டா அன்னைக்கு 97, 98 வரும், ஆனா டிசம்பர்ல 82க்கு எறங்கிடும். 11 டிகிரில ரெண்டு பக்கமும் ஒரே அளவு இழப்பு, அவ்ளோதான் சூட்சுமம். இன்னொன்னும் பாருங்க, 9ல வெச்சாலும் 14ல வெச்சாலும் வருஷக் கணக்குல பெருசா ஒன்னும் குறையாது, அதனால 11னு சொன்னதும் அரை டிகிரிக்கு சண்ட போட வேணாம். ஆனா 10க்கு கீழ போகாதீங்க, அது வெயிலுக்காக இல்ல, மழைத்தண்ணி தூசியோட வழிஞ்சு போகணும். அஞ்சு டிகிரில வெச்ச பேனல்கள்ல கீழ் ஃப்ரேம் ஓரமா சேறு கோடு கட்டி நின்னு, அந்தக் கோடே நிரந்தர நிழலா மாறினத நெறைய பாத்துட்டேன்.

டிசைனருக்கு டிகிரி எல்லாம் சொன்னா புரியாது, "அஞ்சடி போனா ஒரடி ஏறணும்"னு சொல்லுங்க, அதுதான் 11 டிகிரி. கொத்தனார், வெல்டர் எல்லாருக்கும் இதே கணக்குதான் நான் சொல்றது.

இப்ப உங்க நோட்டீஸுக்கு நெசமான வீடு ஒன்ன எடுத்து வரைஞ்சு பாப்போம். நம்மூர்ல மூணு கிலோவாட்தான் ஜாஸ்தி போகுது, மத்திய அரசோட பிஎம் சூர்ய கர் திட்டத்துல மூணு கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம், அதுக்கு மேல போட்டாலும் மானியம் அதே 78,000தான், அதனால எல்லாரும் மூணுலயே நிக்கறாங்க. 540 வாட் பேனல் ஆறு வெச்சா 3.24 கிலோவாட். ஒரு பேனல் ஏழரை அடி நீளம், 3.7 அடி அகலம். ஓட்டு வீடு வேணாம், மொட்டை மாடி போடுங்க, மூணடி கைப்பிடிச் சுவர், மாடிப்படி ரூம், அது மேல கருப்பு டேங்க், அதான் நம்ம ஊர் வீடு. மாடில துணி காயப்போடணும் வடகம் போடணும்னு வீட்டம்மா சொல்லுவாங்க, அதனால முக்காவாசிப் பேர் எட்டடி தூக்கின ஸ்ட்ரக்சர்தான் கேக்கறாங்க. மூணு மூணா ரெண்டு வரிசை ஒட்டி ஒரே மேஜையா போட்டா அகலம் 11 அடி, சரிவு வாக்குல 15 அடி. தெக்கு விளிம்பு எட்டடி உயரம், வடக்கு விளிம்பு 11 அடி, 15 அடிக்கு வெறும் மூணடிதான் ஏத்தம். தூரத்துல இருந்து பாத்தா கிட்டத்தட்ட படுத்திருக்கற பந்தல் மாதிரி தெரியும், அதுதான் சரி. அதையே 30 டிகிரில வரைஞ்சா வடக்கு விளிம்பு பதினஞ்சர அடிக்குப் போயிடும், பாய்மரக் கப்பல் மாதிரி நிக்கும், காத்துக்கு யார் பதில் சொல்றது? கட்டுமானத்துக்கான இந்தியத் தரக் கோட்பாட்டுல கோயமுத்தூருக்கு அடிப்படைக் காத்து வேகம் நொடிக்கு 39 மீட்டர்னும் சென்னைக்கு 50னும் போட்டிருக்கு. நாள பின்ன சென்னைப் பக்கம் வேலை எடுத்தா இதே படத்தக் காட்டி இதே கம்பி போட்டுடாதீங்க, அங்க ஸ்ட்ரக்சரும் பேஸும் கனமா போகணும்.

இனிமே சூரியன். உங்க படத்துல இருக்கற பெரிய தப்பு ஆங்கிள் இல்ல தம்பி, இதுதான், பத்து நோட்டீஸ் எடுத்தா எட்டுல இதே தப்பு இருக்கும். பேனலோட கண்ணாடி முகம் நம்மள பாத்துட்டு இருக்கு, அதுக்குப் பின்னாடி வானத்துல சூரியன் பல்ல இளிச்சுட்டு இருக்கு. பேனல் தெக்க பாக்குது, அதோட முகம் நமக்குத் தெரியுதுன்னா நாம தெக்க நின்னு வடக்க பாக்கறோம்னு அர்த்தம். அப்ப சூரியன் நம்ம முதுகுப் பக்கம் இருக்கணும், படத்துக்குள்ளயே வரக்கூடாது. பின்னாடி சூரியன வரைஞ்சா, பேனல் சூரியனுக்கு முதுகு காட்டிட்டு நிக்குதுன்னு வரைஞ்ச மாதிரி. அதுவும் ஆரஞ்சு வானம்னா சூரியன் அடிவானத்துல இருக்கு, அந்த நேரத்துல இன்வெர்ட்டர் தூங்கற நிலைமைலதான் இருக்கும், கரண்ட் வர்றத விளம்பரம் பண்ற படத்துல கரண்ட் வராத நேரத்தப் போடறோம்.

"நீங்கதான ஜூன்ல சூரியன் வடக்க போகும்னு சொன்னீங்க"ன்னு மடக்காதீங்க. போகும், ஏப்ரல் மூணாவது வாரத்துல இருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரைக்கும் உச்சி வேளைல வடக்கதான் இருக்கும், அந்த ரெண்டு ஓரத்துலயும் நிழலே விழாத நாள்னு பள்ளிக்கூடப் பிள்ளைங்க குச்சி நட்டு பாக்கறாங்களே, அதுதான். ஆனா அப்பவும் 77 டிகிரி உயரத்துக்கு மேல, அண்ணாந்து பாத்தாத்தான் தெரியும், வீட்டுப் படத்துக்குள்ள அது எங்க வரும்? இந்த வடக்கு வெயில் படத்துக்கு முக்கியமில்ல, ஆனா வேலைக்கு முக்கியம், ஏன்னா பேனலுக்கு வடக்க இருக்கற டேங்கால நிழலே வராதுன்னு நெனைச்சுகிட்டு ஒட்டி வெச்சுடுவாங்க, மே ஜூன்ல காலையும் சாயங்காலமும் சூரியன் வடகிழக்குலயும் வடமேற்குலயும் இருக்கறப்ப அந்த டேங்கு நிழல் பேனல் மேல நடந்து போகும்.

சூரியன் படத்துல வந்தே ஆகணும்னு ஆசைன்னா ஓரத்துல சின்னதா ஒரு ஐகானா போட்டுக்கோங்க, கோலத்துல வரையற சூரியன் மாதிரி, அது வானத்துல இருக்கற சூரியன் இல்லன்னு பாக்கறவங்களுக்கே புரியும். இல்லன்னா வெயில நிழல் மூலமா காட்டுங்க. கைப்பிடிச் சுவரோட நிழல் மாடித் தரைல, பந்தல் காலோட நிழல் வடக்குப் பக்கம் சாஞ்சு விழறது, இதெல்லாம் சரியா இருந்தா படத்துல சூரியன் இல்லாமயே நல்ல வெயில்னு கண்ணு சொல்லும். நிழல் எவ்ளோ நீளம்னு கேட்டா, டிசம்பர்ல காலைல ஒம்பதேகால் மணி சுமாருக்கு ஒரு பொருளோட உயரத்துல ஒன்றரை மடங்கு, வடமேற்குப் பக்கம் விழும். உச்சி வேளைல முக்கா மடங்குக்கும் கம்மி, நேரா வடக்க. அந்த மாடிப்படி ரூம் டேங்கு பேனல் மட்டத்த விட ஆறடி ஒசரம்னா காலை நிழல் ஒம்பதடி ஓடும், அந்த ஒம்பதடிக்குள்ள வடமேற்குல பேனல வரையாதீங்க, நெசத்துலயும் வைக்காதீங்க. நோட்டீஸ்லயே பேனல் மேல தென்னங்கீத்து நிழல் அழகா விழற மாதிரி ஒரு படம் ஒருத்தர் அடிச்சிருந்தார், கவிதையா இருந்துச்சு, ஆனா விவரம் தெரிஞ்ச ஆளு பாத்தா அந்தக் கடைக்கே போகமாட்டான்.

அடுத்து ஒரு சிக்கல், டிசைனர் வரையறதா இருந்தாலும் நீங்க போட்டோ எடுக்கறதா இருந்தாலும் வரும். 11 டிகிரி பேனலோட முகம் தெருவுல நின்னா தெரியாது. கிரவுண்ட் ஃப்ளோர் மட்டும் இருக்கற வீடுன்னே வெச்சுக்கோங்க, மாடி 11 அடில, அதுக்கு மேல எட்டடி, ஆக தெக்கு விளிம்பு 19 அடி ஒசரம். நம்ம கண்ணு அஞ்சடில. பதினாலடி வித்தியாசம், அஞ்சுக்கு ஒன்னு கணக்குல தெக்க எழுபதடி தள்ளிப் போனாத்தான் பேனல் முகம் ஒரு கோடு மாதிரி எட்டிப் பாக்கவே ஆரம்பிக்கும். அதுக்குக் கிட்ட நின்னா தெரியறது அடிப்பக்கம், ஒயரும் கம்பியும்தான். இதனாலதான் டிசைனருங்க பேனல நிமித்தி நிமித்தி வரையறாங்க, முகம் தெரியணுமேன்னு. நிமித்தறதுக்கு பதிலா பாக்கற ஆள மேல ஏத்துங்க. பக்கத்து வீட்டு ரெண்டாவது மாடி, இல்லாட்டி ஒரு ட்ரோன், பேனல விட பத்துப் பதினஞ்சடி ஒசரத்துல இருந்து லேசா கீழ பாக்கற மாதிரி எடுத்தா 11 டிகிரிலயே ஆறு பேனலும் முழுசா தெரியும்.

அப்புறம் வீடு எந்தத் திசை? வாஸ்து பாத்து நம்மூர்ல கெழக்கு வாசலும் வடக்கு வாசலும்தான் ஜாஸ்தி. வடக்கு வாசல் வீட்ட வாசப் பக்கம் இருந்து எடுத்தா பேனலோட முதுகுதான் வரும், வீட்டு முகப்பும் பேனல் முகமும் ஒரே படத்துல வரவே வராது. உங்க கஸ்டமர்ல கெழக்கு வாசல் வீடு ஒன்னு பாருங்க. தென்கிழக்கு மூலைல மேல நின்னு வடமேற்க பாத்தா இடது பக்கம் தெக்குச் சுவர், வலது பக்கம் வாசல் முகப்பு, மேல பேனல் முகம், மூணும் சேந்து வரும். ஜனவரி நடுவுல, பொங்கல் சமயத்துல, காலைல பத்து மணிக்கு சூரியன் ஏறக்குறைய தென்கிழக்குல 40 டிகிரி ஒசரத்துல இருக்கும், அதாவது உங்க முதுகுக்குப் பின்னாடி. ஒரேடியா நேர் பின்னாடி இருந்தா படம் தட்டையா வரும், கொஞ்சம் தெக்க நகந்து நில்லுங்க, பந்தல் கால் எல்லாம் ஒரு பக்கம் வெளிச்சம் ஒரு பக்கம் நிழல்னு எடுப்பா இருக்கும்.

வீட்டோட தெக்கு எதுன்னு போன் காம்பஸ்ல பாக்கறப்ப ஸ்ட்ரக்சர் பக்கத்துல வெச்சுப் பாக்காதீங்க, கம்பி இழுத்து இருபது டிகிரி கூட மாத்திக் காட்டும், மாடி நடுவுல தள்ளி நின்னு பாருங்க. சந்தேகம்னா தூக்குகுண்டு கட்டி உச்சி வேளை நிழல் பாக்கலாம், அது கண்டிப்பா வடக்கு தெற்காத்தான் விழும். ஆனா நம்மூர் உச்சி 12 மணிக்கு இல்ல. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வெச்சது, நாம 77ல இருக்கோம், அதனால சராசரியா 12:22க்குத்தான் உச்சி, ஜனவரி நடுவுல 12:31. பன்னண்டுக்கே கோடு போட்டு "இதான் தெக்கு வடக்கு"ன்னு ஸ்ட்ரக்சர் நட்டவங்கள எனக்குத் தெரியும். பத்து டிகிரி திரும்பி இருந்தா உற்பத்தில பெருசா ஒன்னும் போகாது, ஆனா வீட்டுச் சுவருக்கு பேனல் கோணலா நிக்கறது சாகற வரைக்கும் கண்ண உறுத்தும். வீடே பத்து டிகிரி திரும்பி இருந்தா நான் தெக்கு கணக்க விட்டுட்டு சுவர் வாக்குலயே போட்டுடுவேன், இதுல சில பேருக்கு என்கூட சண்ட உண்டு.

வானத்துக்கு வருவோம். டிசைனருங்க போடற அடர் நீல வானம் தப்பில்ல, ஆனா எந்த மாசத்து வானம்னு தெரிஞ்சு போடுங்க. மார்ச் ஏப்ரல்ல வெயில் கொளுத்தும், ஆனா வானம் நீலமா இருக்காது, தூசியும் புழுக்கமும் சேந்து வெளுத்த பால் மாதிரி இருக்கும். நல்ல நீலம் நம்மூர்ல மழை கழுவி விட்ட பிறகு, டிசம்பர் கடைசில இருந்து பிப்ரவரி வரைக்கும் கெடைக்கும். சூரியன் இருக்கற பக்கம் வானம் எப்பவும் வெளுத்துத்தான் தெரியும், அதுக்கு எதிர்ப்பக்கம்தான் நீலம் அடர்த்தி, அதனால நான் சொன்ன மாதிரி சூரியனுக்கு முதுகு காட்டி எடுத்தா வானமும் தானா நல்லா வரும். அங்கங்க நாலு வெள்ள மேகம் இருந்தா பரவால்ல, சொல்லப்போனா நல்லது. மேகத்த பாத்ததும் கரண்டு போச்சுன்னு நெனைக்கறோம், ஆனா மழை விட்டு மேகம் கலைஞ்சு நடுவுல வெயில் பளிச்சுன்னு அடிக்கறப்ப மேக ஓரத்துல இருந்து திரும்பற வெளிச்சமும் சேந்து, பேனலும் குளுந்து போய் இருந்து, இன்வெர்ட்டர் ஆப்ல கரண்ட் காட்டற கோடு ஒரு நிமிஷம் துள்ளிக் குதிச்சு எறங்கும். வருஷத்தோட உச்ச ரீடிங் பெரும்பாலும் அப்படி ஒரு நிமிஷத்துலதான் வரும், மே மாச அக்னில வராது.

சூடுன்னு சொன்னேன்ல, அதையும் படத்துல காட்டலாம். இப்ப வர்ற பேனல்ல செல் 25 டிகிரிய தாண்டி ஒவ்வொரு டிகிரி சூடாகும்போதும் ஏறத்தாழ 0.34 சதவீதம் பவர் கொறையும். ஏப்ரல் மத்தியானம் செல் 65 டிகிரி தொட்டா 13, 14 சதவீதம் காணாம போச்சு, 3.24 கிலோவாட் போட்டவருக்கு 2.8தான் காட்டும், அவர் உங்கள கூப்பிட்டு "பேனல் டூப்ளிகேட்டா"ன்னு கேப்பார். எட்டடி தூக்கின பந்தல்ல அடில காத்து ஓடறதால இது கொஞ்சம் கொறையும், தரையோட ஒட்டி வெச்ச பேனல் இன்னும் வேகும். அதனால நோட்டீஸ்ல நெருப்பு மாதிரி வெயிலப் போட்டு "வெயில் ஏற ஏற கரண்ட் ஏறும்"னு வாசகம் எழுதாதீங்க. நாள் சராசரி கிலோவாட்டுக்கு நாலு யூனிட்னு போடுங்க, மூணு கிலோவாட்டுக்கு 12, மழைக்காலத்துல ஐப்பசி கார்த்திகைல கொறையும்னு சின்ன எழுத்துலயாவது போட்டுடுங்க. அஞ்சர யூனிட்னு போடற ஆளுங்க இருக்காங்க, முதல் வருஷம் ஆர்டர் வரும், ரெண்டாவது வருஷம் வசவுதான் வரும்.

பேனல் கலரும் ஒரு விஷயம். டிசைனர் வெச்சிருக்கற படத்துல பளபளன்னு நீலப் பேனலோ, கட்டத்துக்குக் கட்டம் நடுவுல பெரிய வெள்ள வைரம் மாதிரி புள்ளியோ இருந்தா அது பழைய சரக்கு. இப்ப நாம போடற மோனோ ஹாஃப் கட் பேனல் கருப்புதான், நடுவுல குறுக்க ஒரு கோடு போகும், வெள்ளி ஃப்ரேம். நீலமா தெரிஞ்சா அது வானத்தோட பிரதிபலிப்பு. மேல இருந்து லேசா குனிஞ்சு, ஒரு 20 டிகிரி கீழ பாக்கற மாதிரி எடுத்தா 11 டிகிரி பேனல்ல தெரியறது வடக்கு வானத்துல 42 டிகிரி ஒசரத்துல இருக்கற எடம், அங்க மேகம் இருந்தா பேனல்ல மேகம் மிதக்கும். படத்துல வடக்க மேகமே இல்லாம நீலமா இருக்கு, பேனல்ல மட்டும் பெரிய மேகம் தெரியுதுன்னா ஒட்டு வேலைன்னு யாருக்கும் காரணம் சொல்லத் தெரியாட்டியும் ஏதோ பொய்யா இருக்குன்னு தோணிடும்.

போட்டோ எடுக்கற அன்னைக்கு பேனல கழுவணும், அதுவும் காலைல ஏழு மணிக்குள்ள. ஒம்பது மணிக்கு மேல சூடான கண்ணாடில பச்சத் தண்ணி ஊத்தினா விரிசல் விட வாய்ப்பு இருக்கு. போர் தண்ணி வேணாம், உப்பு காஞ்சு வெள்ள வெள்ளயா திட்டு நிக்கும், பத்து மணி வெயில்ல அதுதான் மொதல்ல கேமரால தெரியும். அந்த வீட்டுல சிறுவாணித் தண்ணி வருதுன்னா ரெண்டு பக்கெட் கேட்டு வாங்கி, மெத்துனு இருக்கற மாப்ல மேல இருந்து கீழ இழுத்து விடுங்க, கீழ் ஃப்ரேம் ஓரத்துல நிக்கற தண்ணிய மட்டும் துணியால ஒத்தி எடுத்துடுங்க.